யாருக்கும் கொடுக்காத அறுபதாயிரம்

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு தொழிற்சாலை. தேர்வுத் தாள்களில் வருவதைப் போன்ற கற்பனைத் தொழிற்சாலைதான். மாதம் முடிந்ததும் கணக்காளர் கொண்டுவந்து வைத்த அறிக்கையில் 'நிலையான மேற்செலவு: ரூ.84,000 பாதகம்' என்று ஒரு வரி. முதலாளி செலவுச் சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பட்ஜெட்டைத் தாண்டிப் போனது ரூ.24,000 மட்டும்தான்.

"மீதி அறுபதாயிரம் யாருக்குப்பா குடுத்தோம்?"

"யாருக்கும் குடுக்கலை சார். அது வால்யூம் வேரியன்ஸ்."

"குடுக்காத பணம் எப்படி நஷ்டத்துல வரும்?"

நியாயமான கேள்வி. பி.காம். மாணவர்களும் சி.எம்.ஏ. எழுதுபவர்களும் இந்தக் கணக்கைச் சூத்திரத்தை வைத்துப் போட்டுவிடுவார்கள். முதலாளியின் இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டால் பலர் தடுமாறுவார்கள். பதில் தெரிந்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே தேவையில்லை என்பது என் எண்ணம்.

தொழிற்சாலையின் செலவுகளில் ஒரு வகை, உற்பத்தியோடு சேர்ந்து ஏறி இறங்கும். கிரைண்டருக்குக் கல், மோட்டார், ஸ்டீல் தகடு எல்லாம் அப்படி. பத்து செய்தால் பத்து மோட்டார், நூறு செய்தால் நூறு. இன்னொரு வகை அசையாது. கட்டட வாடகை, சூப்பர்வைசர்களின் மாதச் சம்பளம், இயந்திரத் தேய்மானம், இன்சூரன்ஸ் ஆகியவை ஒரு கிரைண்டரும் செய்யாத மாதத்திலும் அப்படியே நிற்கும். இவற்றைத்தான் நிலையான மேற்செலவு என்கிறோம். கணக்குப் பிரிவில் ஃபிக்ஸட் ஓவர்ஹெட் என்றே பேசிக்கொள்வார்கள்.

தரச் செலவியல், அதாவது ஸ்டாண்டர்ட் காஸ்டிங், ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் செலவாக வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்து, மாத முடிவில் நடந்ததோடு ஒப்பிடும் முறை. கல்லுக்கும் மோட்டாருக்கும் இப்படித் தரம் வைப்பது எளிது. வாடகைக்கு எப்படி வைப்பது? ஒரு கிரைண்டருக்கு எவ்வளவு வாடகை என்று எந்தக் கட்டட உரிமையாளரும் பில் போடுவதில்லை. ஆகவே கணக்காளர் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு வகுத்தல் செய்கிறார். மாதத்துக்கு இவ்வளவு நிலையான மேற்செலவு, மாதத்துக்கு இத்தனை கிரைண்டர், ஆகவே ஒரு கிரைண்டருக்கு இவ்வளவு. இந்த வீதத்தை வைத்துக்கொண்டு, செய்து முடித்த ஒவ்வொரு கிரைண்டரின் தலையிலும் அந்தத் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறார்.

இதில் ஒரு சிறு பொய் இருக்கிறது. மாறாத செலவை, மாறும் செலவைப் போல நடத்துகிறோம். அளவு மாறுபாடு என்பது அந்தப் பொய்யை மாத முடிவில் சரிசெய்யும் வரி. கல்யாண மண்டப வாடகை ஒரு லட்சம், ஐந்நூறு பேர் வருவார்கள், ஆகவே இலைக்கு இருநூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். வந்தது நானூறு பேர். இலைக் கணக்கில் எண்பதாயிரம்தான் தேறுகிறது, இருபதாயிரம் துண்டு விழுகிறது. மண்டபக்காரர் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கவில்லை. நம் வகுத்தல்தான் பொருந்தாமல் போனது.

இனி கேள்வித்தாளுக்கு வருவோம். தேர்வில் இது ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

கேள்வி: ஒரு வெட் கிரைண்டர் தொழிற்சாலையின் ஒரு மாத பட்ஜெட்டில் நிலையான மேற்செலவு ரூ.6,00,000. உற்பத்தி 2,000 கிரைண்டர். ஒரு கிரைண்டருக்கான தர நேரம் 3 மணி. அந்த மாதம் உண்மையில் நடந்தது: உற்பத்தி 1,800 கிரைண்டர், வேலை செய்த நேரம் 5,200 மணி, நிலையான மேற்செலவு ரூ.6,24,000. மொத்த மாறுபாட்டையும், செலவின மாறுபாட்டையும், அளவு மாறுபாட்டையும் கண்டுபிடிக்கவும். அளவு மாறுபாட்டைத் திறனளவு, செயல்திறன் என்று பிரித்துக் காட்டவும்.

முதலில் வீதம். ரூ.6,00,000-ஐ 2,000-ஆல் வகுத்தால் ஒரு கிரைண்டருக்கு ரூ.300. ஒரு கிரைண்டருக்கு 3 மணி என்பதால் ஒரு மணிக்கு ரூ.100. இந்த இரண்டு எண்களையும் விடைத்தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் தவறுகளில் பெரும்பங்கு, மணி வித்தியாசத்தை ரூ.300-ஆல் பெருக்குவதாலும் கிரைண்டர் வித்தியாசத்தை ரூ.100-ஆல் பெருக்குவதாலும் வருவது.

அடுத்து மூன்று தொகைகளை வரிசையாக எழுத வேண்டும். கணக்கு முழுக்க இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

உண்மையில் ஆன மேற்செலவு: ரூ.6,24,000
பட்ஜெட் மேற்செலவு: ரூ.6,00,000
பொருளின் மேல் ஏற்றிய மேற்செலவு: 1,800 × ரூ.300 = ரூ.5,40,000

முதல் தொகைக்கும் மூன்றாவது தொகைக்கும் உள்ள வித்தியாசம் மொத்த மாறுபாடு. ரூ.6,24,000 செலவாகியிருக்கிறது, கிரைண்டர்களின் மேல் ரூ.5,40,000 மட்டுமே ஏறியிருக்கிறது. ரூ.84,000 குறைவாக ஏற்றியிருக்கிறோம். ஆகவே பாதகம்.

முதல் தொகைக்கும் இரண்டாவது தொகைக்கும் உள்ள வித்தியாசம் செலவின மாறுபாடு. ரூ.6,00,000 செலவழிக்கத் திட்டமிட்டு ரூ.6,24,000 செலவழித்ததால் ரூ.24,000 பாதகம். இது உண்மையிலேயே கையை விட்டுப் போன காசு, அல்லது போகப்போகிற காசு.

இரண்டாவது தொகைக்கும் மூன்றாவது தொகைக்கும் உள்ள வித்தியாசம் அளவு மாறுபாடு. 2,000 செய்ய வேண்டிய இடத்தில் 1,800 செய்தோம். குறைந்த 200 கிரைண்டரும் தலைக்கு ரூ.300 சுமந்திருக்க வேண்டியவை. ரூ.60,000 பாதகம். இரண்டையும் கூட்டினால் ரூ.84,000 வருகிறது. வராவிட்டால் எங்கோ தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூலப்பொருள், கூலிக் கணக்குகளைப் போட்டுப் பழகிய மாணவர், பட்ஜெட்டை உண்மையான உற்பத்திக்கு ஏற்றபடி சுருக்கிவிட்டுத்தான் ஒப்பிடுவார். அங்கே அது சரி. 1,800 கிரைண்டருக்கு 1,800 மோட்டார்தான் வேண்டும். அதே பழக்கத்தில் நிலையான மேற்செலவையும் 2,000-க்கு ஆறு லட்சம் என்றால் 1,800-க்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் என்று சுருக்கி, உண்மைச் செலவோடு ஒப்பிட்டு, செலவின மாறுபாடு ரூ.84,000 என்று எழுதுவார். மதிப்பெண் போவது இருக்கட்டும். தொழிற்சாலையில் இதைச் செய்தால் விபரீதமாகிவிடும். செலவுகளுக்குப் பொறுப்பான மேலாளர் ரூ.24,000-க்குப் பதில் சொல்ல வேண்டியவர், எண்பத்து நான்காயிரத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். உற்பத்தி குறைந்தால் வாடகை குறையாது. ஆகவே நிலையான மேற்செலவின் பட்ஜெட்டைச் சுருக்கவோ நீட்டவோ கூடாது, அப்படியே வைத்து ஒப்பிட வேண்டும்.

அடுத்தது அளவு மாறுபாட்டைப் பிரிப்பது. 200 கிரைண்டர் ஏன் குறைந்தது? இரண்டே வழிகளில்தான் குறைந்திருக்க முடியும். பட்டறை ஓடிய மணி நேரம் குறைந்திருக்கலாம், அல்லது ஓடிய நேரத்தில் வேலை மெதுவாக நடந்திருக்கலாம். முதலாவது திறனளவு மாறுபாடு, வகுப்பில் கெபாசிட்டி வேரியன்ஸ். இரண்டாவது செயல்திறன் மாறுபாடு.

பட்ஜெட் நேரம் 2,000 × 3 = 6,000 மணி. ஓடியது 5,200 மணி. 800 மணி குறைவு, மணிக்கு ரூ.100 வீதம் ரூ.80,000 பாதகம். இது திறனளவு.

செய்து முடித்த 1,800 கிரைண்டருக்குத் தரப்படி ஆக வேண்டிய நேரம் 5,400 மணி. ஆனது 5,200 மணி. 200 மணி மிச்சம், ரூ.20,000 சாதகம். இது செயல்திறன்.

ரூ.80,000 பாதகத்தில் ரூ.20,000 சாதகத்தைக் கழித்தால் அதே ரூ.60,000 பாதகம்.

இந்தப் பிரிப்பில்தான் கதை தெரிகிறது. உற்பத்தி குறைந்துவிட்டதே என்று பட்டறை ஆட்களைக் கடிந்துகொள்ள முதலாளி கிளம்பியிருந்தால் அது அநியாயம். அவர்கள் தரத்தைவிட வேகமாக வேலை செய்திருக்கிறார்கள். பட்டறை ஓட வேண்டிய நேரத்துக்கு ஓடவில்லை. அதற்குக் காரணம் மின்தடையாக இருக்கலாம், மோட்டார் வரத்து தாமதமாகியிருக்கலாம், ஆர்டரே இல்லாமல் இருந்திருக்கலாம். கணக்கு அதைச் சொல்லாது, எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று மட்டும் காட்டும். நம் ஊர்த் தேர்வுகளில் சில சமயம் வேலை நாட்களின் எண்ணிக்கையையும் கொடுத்திருப்பார்கள். பட்ஜெட்டில் 25 நாள், உண்மையில் 24 நாள் என்று இருந்தால், அந்த ஒரு நாளின் பங்கைத் திறனளவிலிருந்து தனியே எடுத்து நாட்காட்டி மாறுபாடு என்று காட்ட வேண்டும். நாள் விவரம் கேள்வியில் இல்லையென்றால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

செலவின மாறுபாட்டுக்கு இப்படிச் சூத்திரம் வைத்த பிரிவு கிடையாது. அதைப் பிரிக்க ஒரே வழி, செலவுத் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான். நம் தொழிற்சாலையில் பட்ஜெட்டும் உண்மையும் இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம். வாடகை ரூ.1,50,000, அதே ரூ.1,50,000. தேய்மானம் ரூ.1,20,000, அதே ரூ.1,20,000. சூப்பர்வைசர் சம்பளம் ரூ.2,40,000 இருக்க வேண்டியது ரூ.2,52,000. இன்சூரன்ஸும் பராமரிப்பும் சேர்ந்து ரூ.90,000 இருக்க வேண்டியது ரூ.1,02,000. ஆக இரண்டு இடங்களில் பன்னிரண்டாயிரம் பன்னிரண்டாயிரமாக ரூ.24,000.

ஒரே தொகைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு சங்கதி. சம்பளம் ஏறியது, பட்ஜெட் போட்ட பிறகு கொடுத்த ஊதிய உயர்வாக இருந்தால், அடுத்த மாதமும் அதே பன்னிரண்டாயிரம் பாதகம் வரும், அதற்கடுத்த மாதமும் வரும். திருத்த வேண்டியது பட்ஜெட்டைத்தான். பராமரிப்பில் வந்த பன்னிரண்டாயிரம், அடுத்த மாதம் செய்ய வேண்டிய இயந்திரச் சர்வீஸை இந்த மாதமே செய்துவிட்டதால் வந்ததாக இருக்கலாம். அப்படியானால் அடுத்த மாதம் அதே அளவு சாதகமாகத் திரும்பி வரும். இந்த மாறுபாட்டில் எனக்குச் சந்தேகம் வருவது, பாதகத்தைப் பார்த்து அல்ல, சாதகத்தைப் பார்த்துத்தான். செய்ய வேண்டிய பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் செலவின மாறுபாடு அழகான சாதகமாக வரும். அந்த மாத அறிக்கைக்குப் பாராட்டும் கிடைக்கும். பிறகு ஒரு நாள் பட்டறை நிற்கும்போது அதன் விலை திறனளவு மாறுபாட்டில், வேறொருவர் கணக்கில் போய் விழும்.

இப்போது முதலாளியின் கேள்விக்குத் திரும்பலாம். அந்த அறுபதாயிரம் நஷ்டமா, இல்லையா?

வகுக்கும் எண்ணை மாற்றிப் பார்த்தால் பதில் தெளிவாகும். அதே தொழிற்சாலை, அதே ஆறு லட்சம் பட்ஜெட், அதே 1,800 கிரைண்டர். ஆண்டுத் தொடக்கத்தில் மேலாளர் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக மாதம் 1,600 கிரைண்டர்தான் முடியும் என்று பட்ஜெட்டில் எழுதி வைத்திருந்தால்? வீதம் ரூ.375 ஆகிவிடும். 1,800 கிரைண்டரின் மேல் ரூ.6,75,000 ஏறும். அளவு மாறுபாடு ரூ.75,000 சாதகம்! 1,800 என்றே எழுதியிருந்தால் அளவு மாறுபாடே இல்லை. வாடகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை, கிரைண்டர் ஒன்றுகூட மாறவில்லை. அறுபதாயிரம் பாதகம் எழுபத்தைந்தாயிரம் சாதகமாகப் புரண்டுவிட்டது. செலவின மாறுபாடோ மூன்று இடத்திலும் அசையாமல் ரூ.24,000 பாதகமாகவே நிற்கிறது. உண்மையான காசுக்கும் வகுத்தலால் பிறந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அதற்காக அளவு மாறுபாடு வெறும் மாயை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 200 கிரைண்டர் குறைந்ததால் தொழிலுக்கு என்ன போயிற்று என்று நேராகக் கேட்டுப் பார்ப்போம். ஒரு கிரைண்டரின் விற்பனை விலை ரூ.4,500, மாறும் செலவு ரூ.3,700 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் வாடகை, சம்பளம் முதலியவற்றுக்கும் லாபத்துக்குமாகச் சேர்த்துத் தரும் பங்களிப்பு ரூ.800. ஆர்டர் கையில் இருந்தும் 200 கிரைண்டர் செய்து கொடுக்க முடியாமல் போயிருந்தால் போனது 200 × ரூ.800 = ரூ.1,60,000. அந்த ரூ.800-ல் ரூ.300 நிலையான மேற்செலவுக்கு, மீதி ரூ.500 தர லாபம். முழு அடக்கவிலை முறையில் அறிக்கை எழுதும்போது, 200 × ரூ.300 = ரூ.60,000 அளவு மாறுபாட்டு வரியிலும், 200 × ரூ.500 = ரூ.1,00,000 விற்பனை அளவு மாறுபாட்டு வரியிலும் தனித்தனியே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே இழப்பின் இரண்டு துண்டுகள் அவை. ஒரு துண்டை மட்டும் பார்த்து, இழப்பு அறுபதாயிரம்தான் என்று நினைத்தால் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம்.

மாறாக, ஆர்டரே இல்லை, விற்காது என்று தெரிந்துதான் உற்பத்தியைக் குறைத்தோம் என்றால், செய்யாமல் விட்டது சரியான முடிவு. செய்து குவித்திருந்தால் கல்லிலும் மோட்டாரிலும் காசு முடங்கியிருக்கும். அப்போதும் அறிக்கை அதே ரூ.60,000 பாதகம் என்றுதான் காட்டும். அளவு மாறுபாட்டுக்கு இந்த இரண்டு நிலைமைகளையும் வேறுபடுத்தத் தெரியாது. அதனால்தான் அதைப் படிக்கும் முன் ஆர்டர் புத்தகத்தைப் படிக்க வேண்டும்.

கணக்கியல் உலகம் இந்தச் சிக்கலோடு நூறு ஆண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகிறது. கேன்ட் சார்ட் என்ற திட்ட அட்டவணை பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் பெயருக்கு உரியவரான ஹென்றி கேன்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், உற்பத்திக்கும் செலவுக்கும் உள்ள உறவைப் பற்றி 1915-ல் ஒரு கட்டுரை வாசித்தார். ஆலையின் எல்லாச் செலவையும் அந்த மாதம் எவ்வளவு செய்தோமோ அதன் மேல் பங்கு போடுவதுதான் அப்போதைய வழக்கம். உற்பத்தி குறைந்தால் ஒவ்வொரு பொருளின் அடக்கவிலையும் ஏறும். அடக்கவிலை ஏறிவிட்டதே என்று விலையை ஏற்றினால் விற்பனை இன்னும் குறையும். கேன்ட் இதை எதிர்த்தார். ஒரு பொருள் தன்னைச் செய்யத் தேவையான செலவை மட்டும் சுமக்கட்டும், சும்மா கிடக்கும் இயந்திரத்தின் செலவைத் தொழில் தனியே சுமக்கட்டும் என்பது அவர் வாதம். நம் கணக்கில் அவர் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. 1,800 கிரைண்டர்தான் செய்தோம் என்பதற்காக ஒவ்வொன்றின் தலையிலும் ரூ.333 ஏற்றவில்லை. ரூ.300 மட்டும் ஏற்றி, மீதியைத் தனி வரியாக ஒதுக்கினோம். அந்த வரிதான் அளவு மாறுபாடு.

இன்னொரு பக்கத்திலிருந்து வந்த எதிர்ப்பு, நிலையான மேற்செலவைப் பொருளின் மேல் ஏற்றவே வேண்டாம் என்றது. 1936-ல் ஜோனத்தன் ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணக்காளர், 'போன மாதம் நாம் என்ன சம்பாதித்தோம்?' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். விற்பனை கூடிய மாதத்தில் லாபம் குறைந்து காட்டுகிறதே என்று நிறுவனத் தலைவர் குழம்புவதில் இருந்து அது தொடங்குகிறது. அந்த மாதம் உற்பத்தி குறைந்து, மேற்செலவைக் குறைவாக ஏற்றியதுதான் காரணம். மேற்செலவை மாதச் செலவாகவே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது என்றார் ஹாரிஸ். இன்று அதை இறுதிநிலைச் செலவியல், மார்ஜினல் காஸ்டிங் என்கிறோம். தேர்வறையில் இதற்கு நேரடியான பயன் உண்டு. கேள்வியில் 'மார்ஜினல் காஸ்டிங் முறையில்' என்று ஒரு சொல் இருந்தால், நிலையான மேற்செலவில் செலவின மாறுபாடு மட்டுமே உண்டு. அளவு மாறுபாடு கிடையாது, திறனளவு, செயல்திறன் எதுவும் கிடையாது. பொருளின் மேல் ஏற்றாத செலவு குறைவாக ஏறுவதும் அதிகமாக ஏறுவதும் எப்படி நடக்கும்? அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் அரைப் பக்கம் எழுதித் தள்ளுபவர்கள் எல்லாத் தேர்வு மையங்களிலும் உண்டு.

கேள்வியைத் தலைகீழாகவும் கேட்பார்கள். அடுத்த மாதம் அதே பட்ஜெட், அதே வீதம். செலவின மாறுபாடு ரூ.10,000 சாதகம், அளவு மாறுபாடு ரூ.45,000 சாதகம். உண்மையான உற்பத்தி எவ்வளவு, உண்மையான மேற்செலவு எவ்வளவு? சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே திணறுவார். மூன்று தொகைகளின் வரிசையை மனத்தில் வைத்திருப்பவருக்கு இரண்டு வரிதான். அளவு மாறுபாடு சாதகம் என்றால் பட்ஜெட்டைவிட அதிகமாகச் செய்திருக்கிறோம். ரூ.45,000-ஐ ரூ.300-ஆல் வகுத்தால் 150. ஆகவே உற்பத்தி 2,150 கிரைண்டர். செலவு பட்ஜெட்டைவிட பத்தாயிரம் குறைவு, ஆகவே ரூ.5,90,000. சரிபார்க்க வேண்டுமென்றால், ஏற்றியது 2,150 × ரூ.300 = ரூ.6,45,000. அதில் ரூ.5,90,000 போக ரூ.55,000 அதிகமாக ஏற்றியிருக்கிறோம். பத்தும் நாற்பத்தைந்தும் கூடினால் ஐம்பத்தைந்து.

இரண்டு வரியும் சாதகம் என்றதும் முதலாளி சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அந்த மாதம் தொடக்கத்தில் கையிருப்பு இல்லை, விற்றது 1,900 கிரைண்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். 250 கிரைண்டர் கிடங்கில் நிற்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் ரூ.300 நிலையான மேற்செலவு ஏறியிருப்பதால், கையிருப்பு மதிப்புக்குள் ரூ.75,000 வாடகையும் சம்பளமும் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாதச் செலவுதான் அது. ஆனால் லாப நட்டக் கணக்குக்கு வராமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மார்ஜினல் முறையில் கணக்குப் பார்த்தால் லாபம் சரியாக அந்த ரூ.75,000 குறைவாகத் தெரியும். உற்பத்தி அளவை வைத்து ஊக்கத்தொகை வாங்கும் மேலாளர் ஆண்டுக் கடைசி மாதத்தில் கிடங்கை நிரப்புகிறார் என்றால், அளவு மாறுபாட்டில் வரும் சாதகம்தான் அதற்கு முதல் தடயம். அதோடு கையிருப்பு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆண்டுக் கணக்கில் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். கையிருப்பை மதிப்பிடுவதற்கான இந்தியக் கணக்கியல் தரநிலை 2, நிலையான உற்பத்தி மேற்செலவை ஆலையின் இயல்பான திறனளவை வைத்துத்தான் பங்கிட வேண்டும் என்கிறது. உற்பத்தி குறைந்தது என்பதற்காகவோ ஆலை சும்மா கிடந்தது என்பதற்காகவோ ஒரு பொருளின் மேல் ஏறும் தொகையைக் கூட்டக் கூடாது. ஏறாமல் மிஞ்சிய தொகை அந்தக் காலத்தின் செலவாகவே எழுதப்பட வேண்டும். 1,600 என்று வசதியாக ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளும் மேலாளரின் தந்திரம் இந்த இடத்தில் செல்லாது. பல காலத்துச் சராசரியாக ஆலை எவ்வளவு செய்யக்கூடியது என்று ஆடிட்டர் கேட்பார். வழக்கத்துக்கு மாறாக உற்பத்தி மிக அதிகமானால் அதற்கும் விதி உண்டு. கையிருப்பு உண்மையான அடக்கவிலையைத் தாண்டிவிடாதபடி, ஒரு பொருளின் மேல் ஏற்றும் தொகையைக் குறைக்க வேண்டும். 2,150 கிரைண்டர் அப்படிப்பட்ட அளவு என்று முடிவானால், ரூ.5,90,000-ஐ 2,150-ஆல் வகுத்து, கிரைண்டருக்கு ஏறத்தாழ ரூ.274 வீதம்தான் கையிருப்பில் சேர்க்கலாம். ரூ.75,000 என்று காட்டியிருந்தது சுமார் ரூ.68,600 ஆகும். 2,000 இயல்பாக இருக்கும் ஆலையில் 2,150 வழக்கத்துக்கு மாறானதா, அல்லது மாதாமாதம் வரும் சாதாரண ஏற்ற இறக்கமா என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதை முதலாளியும் ஆடிட்டரும் பழைய உற்பத்திப் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.